கடன் கொப்பியின் மறுபக்கம்: பத்துப் பலூடாவுக்கு ஒன்று இலவசம்



எங்கள் ஊர்க் கடைகளின் கடன் கொப்பியைத் தெரியாதவர்கள் இல்லை. சாமான் வாங்கியவர் கடைக்குத் தர வேண்டியதை அதில் எழுதி வைப்பார்கள். இப்போது கபேக்களும் சலூன்களும் பேஸ்புக்கில் "பத்துத் தரம் வாங்கினால் ஒன்று இலவசம்" என்று போடுகிறார்களே, அதுவும் ஒரு கடன் கொப்பிதான். ஆனால் இங்கே கடன்காரர் கடைக்காரர். வாடிக்கையாளரின் பெயரில் விழும் ஒவ்வொரு புள்ளியும் கடை அவருக்குத் தர வேண்டிய பாக்கி. இதை விளம்பரம் என்று மட்டும் நினைத்துத் தொடங்கினால், நான்காம் மாதம் ஒரே நேரத்தில் பலர் வந்து கேட்கும்போது கை பிசைய வேண்டி வரும்.

ஐந்து சந்திப் பக்கம் சிறிய குளிர்பானக் கடை வைத்திருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். நாங்கள் கணவன் மனைவி இருவருமே கணிதம் படிப்பிப்பவர்கள் என்பதால் இப்படியான கேள்விகள் எங்கள் வாசலுக்கு வருவதுண்டு. "சேர், எல்லாத்துக்கும் பத்து வீதம் கழிவு போடுறதா, பத்துக்கு ஒண்டு சும்மா குடுக்கிறதா?" என்று கேட்டார். மூவருமாக இருந்து போட்ட கணக்கு, கடை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறோம்.

அவருடைய பலூடா ஒரு கிளாஸ் 400 ரூபா. பால், ஐஸ்கிறீம், கசகசா, சிரப், கிளாஸ் எல்லாம் சேர்த்து அவருக்கு 180 ரூபா முடிகிறது. பத்து வீதக் கழிவு என்றால் கிளாசுக்கு 40 ரூபா போகும். பத்துக் கிளாசில் 400 ரூபா. பத்துக்கு ஒன்று இலவசம் என்றால் வாங்குபவர் கையில் கிடைப்பதும் 400 ரூபாப் பொருள்தான். ஆனால் கடைக்காரரின் கையால் போவது 180 ரூபா. அதுமட்டுமல்ல, கழிவு முதல் நாள் வந்து போகிறவருக்கும் கிடைக்கும். இலவசக் கிளாஸ் பத்துத் தரம் வாங்கியவருக்கு மட்டும்தான். இதில் ஒரு நிபந்தனை உண்டு. இலவசமாகக் குடித்தவர் அன்று எப்படியும் காசு கொடுத்துக் குடிக்க வந்தவர் என்றால், கடைக்கு இழப்பு 180 இல்லை, முழு 400.

ஒரு கிளாசில் மிஞ்சுவது 220 ரூபா. ஆகவே ஓர் அட்டை நிரம்புவதற்குள் அந்த வாடிக்கையாளர் வழமையை விட ஒரு கிளாஸ் கூடக் குடித்தால் 180 ரூபாச் செலவு வந்து விடும். இரண்டு கிளாஸ் கூடக் குடித்தால் 400 ரூபா இழப்பும் தீர்ந்து விடும். இந்த ஒன்று அல்லது இரண்டு கிளாசை எப்படி வரவழைப்பது என்பதில்தான் திட்டம் முழுவதும் தங்கியிருக்கிறது.

அதற்குக் கால எல்லையைப் பார்க்க வேண்டும். கிழமைக்கு ஒருதரம் வருபவர் நான்கு மாதத்தில் பதினேழு கிளாஸ் குடித்து விடுவார். அவர் பத்தை எப்படியும் எட்டுவார். அவருக்குக் கொடுப்பது நன்றிக் கடன். இரண்டு கிழமைக்கு ஒருதரம் வருபவர் எட்டு அல்லது ஒன்பதில் நிற்பார். இன்னும் ஒன்று, இரண்டு என்றால் கிடைத்து விடும் என்று தெரிந்தால் அவர்தான் கூட வருவார். எல்லையை மூன்று மாதமாக வைத்தால் அவர் ஆறு ஏழில் நின்று சலித்து விடுவார். ஒரு வருடமாக வைத்தால் அவசரமில்லாமல் வழமைப்படியே வந்து அட்டையை நிரப்புவார். எனவே தம்பியின் கடைக்குப் பத்துக் கிளாஸ், நான்கு மாதம் என்று முடிவெடுத்தோம். உங்கள் கடைக்கு எண்ணிக்கை வேறாக இருக்கும். முதலில் நடுத்தர வாடிக்கையாளர் எத்தனை நாளுக்கு ஒருதரம் வருகிறார் என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள்.

அடுத்தது காசு. பத்துப் புள்ளிக்கு 180 ரூபா என்றால் ஒரு புள்ளிக்கு 18 ரூபா. தம்பியிடம் ஒரு பழைய பால்மாப் பேணியை எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் 20 ரூபா அதில் போடச் சொன்னோம். அறுபது பேரிடம் சராசரியாக ஐந்து புள்ளிகள் இருந்தால் 300 புள்ளி. பேணியில் 6,000 ரூபா இருக்க வேண்டும். இலவசக் கிளாஸ் ஒன்று போகும்போது அதிலிருந்து 200 ரூபா எடுக்கலாம். மேலதிகமான இருபது ரூபா எதற்கென்றால், கடை வாக்குக் கொடுத்திருப்பது காசுக்கு அல்ல, கிளாசுக்கு. 2022 இல் பால்மாவும் சீனியும் ஏறிய வேகத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இடையில் சாமான் விலை ஏறினாலும் கிளாஸ் சிறுக்கக் கூடாது.

அட்டை தொடங்கும் விதத்தைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆய்வு இருக்கிறது. நூனெஸ், ட்ரேஸ் என்ற இருவர் 2006 இல் வெளியிட்டார்கள். கார் கழுவும் இடமொன்றில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம், எல்லாம் வெறுமை. மற்றவர்களுக்குப் பத்துக் கட்டம். அதில் இரண்டு ஏற்கெனவே நிரப்பியது. இரு பகுதியாரும் எட்டுத் தரம்தான் வர வேண்டும். வெறுமையான அட்டைக்காரர்களில் 19 வீதம் பேர் முடித்தார்கள்; இரண்டு நிரப்பிய அட்டைக்காரர்களில் 34 வீதம் பேர். தொடங்கி விட்ட வேலையை விட மனமில்லாத எங்கள் குணம்தான் காரணம். ஆகவே பன்னிரண்டு கட்டம் போட்டு, இரண்டைக் கடையே நிரப்பிக் கொடுக்கலாம். செலவு ஒரு சதமும் கூடாது. பத்துக் கிளாஸ் வாங்க வேண்டும் என்பதை மட்டும் ஒளிக்காமல் எழுதி விடுங்கள்.

இனி பேஸ்புக் பக்கம். ஒரே ஒரு அறிவித்தல் பதிவு போட்டு, அதைப் பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வையுங்கள். எந்தப் பானத்துக்குப் புள்ளி, ஒரு கிளாசுக்கு எத்தனை, தொடங்கும் திகதி, புள்ளி போடும் கடைசித் திகதி, இலவசக் கிளாசைக் கேட்டு வாங்கும் கடைசித் திகதி ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கடைசி இரண்டுக்கும் இடையில் ஒரு மாதம் விடுங்கள். கடைசி நாள் பத்தாவது கிளாஸ் குடித்தவர் பதினோராவதுக்கு எங்கே போவார்? அதே அறிவித்தலைக் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். பக்கத்தைப் பின்தொடரும் எல்லாருக்கும் பேஸ்புக் எல்லாப் பதிவையும் காட்டுவதில்லை.

"உங்கள் சுவரில் பகிர்ந்தால் ஒரு புள்ளி" என்று போட வேண்டாம். அப்படி நிபந்தனை வைப்பதை பேஸ்புக்கின் விதியே தடுக்கிறது. புள்ளி போட்டவர்களுக்குள் குலுக்கல் வைத்து ஒருவருக்கு மட்டும் பரிசு கொடுக்கும் யோசனையும் வந்தது. காசு கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் விழுந்தால் சூதாகுமா என்ற கேள்வி எங்கள் ஆட்களிடம் கட்டாயம் வரும். பத்து வாங்கிய எல்லாருக்கும் ஒன்று என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

புள்ளிக் கணக்கு இருக்க வேண்டிய இடம் கொப்பி. ஒவ்வொருவருக்கும் 001, 002 என்று ஓர் இலக்கம் கொடுங்கள். பெயரும் போன் நம்பரும் கொப்பியில் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் நேரே திகதியும் பில் இலக்கமும் எழுத வேண்டும். கிழமைக்கு ஒருநாள், "014: ஏழு, 027: ஒன்பது" என்று இலக்கமும் எண்ணிக்கையும் மட்டும் பக்கத்தில் போடுங்கள். கணக்கில் பிசகு என்று நினைப்பவர் பக்கத்தின் இன்பாக்சில் கேட்கலாம். பில் இலக்கத்தைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தீரும். அட்டை தொலைந்தாலும் கணக்குத் தொலையாது.

பெயர் போடாதது ஏன் என்று தம்பி கேட்டார். பெண்கள் சலூனை நினைத்துப் பார்க்கச் சொன்னோம். ஒரு தங்கச்சி எத்தனை தரம் எங்கே போனார், என்ன செய்வித்தார் என்பது ஊர் முழுக்க வாசிக்கும் பக்கத்தில் வர வேண்டிய விடயமா? அப்படி ஒரு பெயர் வெளியே வந்தால், அவரும் அவருடைய தோழிகளும் அதற்குப் பிறகு அந்தப் படி ஏற மாட்டார்கள். சலூனுக்கு எண்ணிக்கையும் வேறு. மாதம் ஒருதரம் முடி வெட்டுபவருக்குப் பத்துப் புள்ளி என்றால் பத்து மாதம், மறந்தே போவார். அங்கே நான்கு தரத்துக்கு ஒன்று, அதுவும் முழு வேலையாக இல்லாமல், சாமான் செலவு குறைந்த தலை கழுவுதல் போன்ற ஒன்றை நேரம் ஓய்வான நாளில் கொடுப்பது பொருந்தும். சலூனில் செலவாவது சாமானை விட நேரம்தான்.

எங்கே ஒழுகும் என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் நிற்கும் பெடியன் கூட்டாளிக்குச் சும்மா புள்ளி போடலாம். இரவு கடை பூட்டும்போது அன்றைய புள்ளிகளை எண்ணி, பில்லில் உள்ள பலூடா எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். புள்ளி கூடினால் ஒழுகுகிறது. ஒரே பில் இலக்கம் இரண்டு பேருக்கு நேரே இருந்தாலும் அதுதான். இன்னொன்று, கடையின் பெயரிலும் படத்திலும் போலிப் பக்கம் திறந்து, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, போனுக்கு வந்த இலக்கத்தை அனுப்புங்கள்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடை ஒருபோதும் வங்கி விபரமோ ரகசிய இலக்கமோ கேட்காது என்ற வரியை அறிவித்தலிலேயே சேர்த்து விடுங்கள்.

திட்டம் பலன் தருகிறதா என்பதை முதல் அட்டையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கிவெட்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் கொலம்பியாப் பல்கலைக்கழகக் கபே ஒன்றில் பத்துக் கோப்பி அட்டையைப் பின்தொடர்ந்து 2006 இல் எழுதினார்கள். பரிசு நெருங்க நெருங்க ஆட்கள் அடிக்கடி வந்தார்கள். பரிசு கிடைத்ததும் வேகம் மறுபடி குறைந்தது. அதனால் கடைசி மாதக் கூட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கொப்பியில் திகதிகள் இருக்கின்றன. இரண்டு கிழமைக்கு ஒருதரம் வந்தவர்களின் இரண்டாவது அட்டையைப் பாருங்கள். அதிலும் ஒன்றோ இரண்டோ கிளாஸ் கூடியிருந்தால் தொடரலாம். கூடவில்லை என்றால் அடுத்த சுற்றைத் தொடங்காமல் விடலாம்.

நிறுத்துவதானால் ஒரு மாதம் முன்னதாகப் பக்கத்திலும் சுவரிலும் அறிவித்து, புதிய அட்டை கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். பழைய அட்டைக்காரர் எட்டோடு வந்தாலும் ஒன்பதோடு வந்தாலும் சொன்ன திகதி வரை அவருக்கு வழி விட வேண்டும். பேணியில் காசு இருந்தால் அதற்குத் தயங்க வேண்டி வராது. தம்பி பேணியைக் கழுவி மேசையில் வைத்து விட்டார்; அறிவித்தலை எழுதிக் கொண்டிருக்கிறார். உங்கள் கடைக்கு எண்ணிக்கை போட்டுப் பார்க்க வேண்டுமானால் கிளாஸ் விலையையும் அடக்கச் செலவையும் எங்களுக்கு இன்பாக்சில் அனுப்புங்கள். பொதுவில் எழுத வேண்டாம்.