பூட்டையும் கொண்டுவரும் கள்வன்

நோய்க்கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் பூட்டையும் சாவியையும் உவமையாகக் கூறுவது என் வழக்கம். கிருமியின் மேற்புறத்தில் ஒரு சாவி இருக்கிறது. நம் உயிரணுவின் மேற்புறத்தில் ஒரு பூட்டு இருக்கிறது. சாவி பூட்டுக்குப் பொருந்தினால் நோய் பற்றிக்கொள்கிறது என்பேன். கரும்பலகையில் இரண்டையும் வரைந்தும் காட்டுவேன். பல்லாண்டுகளாக இந்தப் படம் எனக்கு உதவி வந்தது. ஒருநாள் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, கிருமியின் சாவிக்குப் பொருந்தும் பூட்டை நம் உடம்பு எதற்காக வைத்திருக்கிறது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அந்தப் பூட்டைக் கிருமிக்காக யாரும் வைக்கவில்லை என்றும், உயிரணு தன் சொந்த வேலைக்காக வைத்திருப்பதைக் கண்டு கிருமி கள்ளச்சாவி செய்துகொள்கிறது என்றும் விடை சொன்னேன். பல கிருமிகளுக்கு அவ்விடை பொருந்தும். மாணவனும் மனநிறைவோடு அமர்ந்தான். ஆனால் அவ்விடை பொருந்தாத கிருமியும் உண்டு என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன். அக்கிருமியின் சாவிக்கு நம் உயிரணுவில் பூட்டே இல்லாவிட்டாலும் கவலையில்லை. பூட்டையும் அதுவே செய்து கொண்டுவந்து, நம் கதவில் பொருத்தி, அதன்பின் தன் சாவியை நுழைக்கிறது.

அதன் பெயர் ஈ. கோலை. இப்பெயர் கொண்ட பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை நம் குடலில் தீங்கின்றி வாழ்பவை. அவற்றுள் ஒரு பிரிவு பச்சிளங்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். 1945ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜான் பிரே என்னும் மருத்துவர், குழந்தைகளைக் கோடைக்காலத்தில் தாக்கிய வயிற்றுப்போக்குக்கும் இந்தப் பிரிவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். நுண்ணோக்கியில் பார்த்தபோது இக்கிருமியின் கைவரிசை விந்தையாக இருந்தது. குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களின் மேல் நுண்ணிய விரல்கள் புல்தரைபோல் அடர்ந்திருக்கும். உணவுச் சத்தையும் நீரையும் உறிஞ்சுபவை அவையே. கிருமி அமர்ந்த இடத்தில் மட்டும் அவ்விரல்கள் அழிந்து போகின்றன. அவற்றின் இடத்தில் உயிரணு ஒரு மேடையாக உயர்ந்து, கிருமியைத் தலைமேல் தாங்கி நிற்கிறது. வீட்டுக்காரரே கள்வனுக்குப் பீடம் கட்டிக் கொடுத்ததுபோன்ற காட்சி அது.

கிருமி எதைப் பற்றிக்கொண்டு அவ்வளவு நெருக்கமாக அமர்கிறது? கிருமியின் மேற்புறத்தில் 'இன்ட்டிமின்' என்னும் புரதம் இருப்பது தெரிந்திருந்தது. அதுதான் சாவி. பூட்டைத் தேடிய ஆய்வாளர்கள், தாக்குண்ட உயிரணுவின் சவ்வில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். அதன் எடை சுமார் 90 கிலோடால்டன் என்று அளந்தார்கள். அப்புரதத்தில் டைரோசின் என்னும் கூற்றின்மேல் பாஸ்பேட் ஏறியிருந்தது. அவ்வாறு பாஸ்பேட் ஏற்றுவது விலங்கு உயிரணுக்களுக்கே உரிய வேலை என்று கருதப்பட்டதால், அது நம் உயிரணுவின் புரதமே என்று முடிவு செய்து அதற்குப் பெயரும் இட்டார்கள். புரதம் இருந்த இடம் நம்முடையது. அதன்மேல் இருந்த முத்திரையும் நம்முடையது. வேறு எப்படி எண்ணுவது?

அந்த முடிவை 1997ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் பிரெண்டன் கென்னி, பிரெட் ஃபின்லே முதலியோர் மாற்றி எழுதினார்கள். கிருமியைத் தனியே வளர்த்த நீர்மத்தில், மனித உயிரணு ஒன்றுகூட இல்லாத நிலையில், 78 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதம் கிடைத்தது. அதுவும் உயிரணுவில் கண்ட 90 கிலோடால்டன் புரதமும் ஒன்றே என்பது தெரியவந்தது. உயிரணுவினுள் சென்றதும் நம் நொதிகள் அதன்மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றுகின்றன. அதனால் அது ஆய்வுக்கூடத்துக் கூழ்மப்பலகையில் மெதுவாக நகர்ந்து, உள்ளதைவிடக் கனமானதுபோல் தோன்றியது. அதன் மரபணுவும் கிருமியிடமே இருந்தது. இன்ட்டிமின் மரபணுவுக்கு அண்மையிலேயே இருந்தது! அந்த மரபணுவை நீக்கியபோது கிருமியால் நெருங்கிப் பற்ற முடியவில்லை, மேடையும் எழவில்லை. மரபணுவைத் திருப்பிக் கொடுத்தபோது இரண்டும் திரும்பி வந்தன. பூட்டுக்கு உரியவர் யார் என்ற வழக்கு அத்துடன் தீர்ந்தது. 'இடம்பெயர்ந்த இன்ட்டிமின் ஏற்பி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அப்புரதத்துக்கு 'டிர்' என்று பெயரிட்டார்கள்.

ஒரு கிருமி, தான் செய்த புரதத்தை மற்றோர் உயிரணுவினுள் எப்படி வைக்கிறது? இங்கேதான் மூன்றாம் வகைச் சுரப்புமுறை வருகிறது. இவ்வகைப் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. அவற்றைக் கடந்து புரதத்தை வெளியே அனுப்பும் வழிகளை ஆய்வாளர்கள் எண்ணிட்டு வகைப்படுத்தினார்கள். அவற்றுள் மூன்றாவது வழி, கிருமியின் இரண்டு சவ்வுகளோடு எதிரில் உள்ள உயிரணுவின் சவ்வையும் கடந்து செல்லக்கூடியது. இந்தக் கருவியை 1998ஆம் ஆண்டில் சால்மொனெல்லா என்னும் கிருமியிலிருந்து முழுதாகப் பிரித்தெடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். இரு சவ்வுகளையும் ஊடுருவி நிற்கும் வளையங்களால் ஆன அடித்தளமும், அதிலிருந்து வெளியே நீளும் குழாய்போன்ற ஊசியும் தெரிந்தன. மருத்துவரின் ஊசிமருந்துக் குழலை அப்படியே நினைவூட்டும் தோற்றம்.

நாம் எடுத்துக்கொண்ட ஈ. கோலையில் அந்த ஊசியின் நுனியிலிருந்து மேலும் ஒரு நீண்ட குழலிழை வளர்கிறது. குடல் உயிரணுக்களைச் சளிப்படலம் மூடியிருப்பதால் சற்றுத் தொலைவிலிருந்தே தொடும் தேவை இருக்கலாம். இழையின் முனையில் வேறு இரண்டு புரதங்கள் நம் உயிரணுவின் சவ்வில் ஒரு துளையை அமைக்கின்றன. இவ்வாறு கிருமியின் உட்புறத்திலிருந்து நம் உயிரணுவின் உட்புறம்வரை ஒரே குழாய்வழி உண்டாகிறது.

ஆனால் மருத்துவரின் ஊசியோடு உள்ள ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. மருத்துவரின் ஊசியில் நீர்மம் ஓடுகிறது; இங்கே ஒவ்வொரு புரதமாக நுழைய வேண்டும். குழாயின் உள்வழி ஏறத்தாழ இரண்டு நானோமீட்டர் அகலமே உடையது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். மடிந்து உருண்டு வடிவம் பெற்ற புரதம் அவ்வழியில் நுழையாது. நூற்கண்டை ஊசிக்காதில் நுழைக்க முடியுமா? கண்டைப் பிரித்து இழையாக்கினால்தான் நுழையும். ஆகவே கிருமியின் உள்ளே ஒரு துணைப்புரதம் டிர்ரைப் பற்றிக்கொண்டு, அது வீணே மடிந்தும் திரண்டும் கெடாதபடி காத்து, குழாயின் வாயிலுக்கு அழைத்து வருகிறது. வாயிலில் உள்ள நொதி ஆற்றலைச் செலவிட்டுத் துணையைப் பிரித்துவிடுகிறது. டிர் நீண்ட இழையாகக் குழாயினுள் சென்று, அப்பக்கம் சேர்ந்தபின் மீண்டும் மடிந்து தன் வடிவத்தைப் பெறுகிறது.

உட்புகுந்த டிர் நம் உயிரணுவின் சவ்வில் கொண்டையூசிபோல் வளைந்து அமர்கிறது. இரு முனைகளும் உயிரணுவின் உள்ளே இருக்கின்றன; நடுவில் உள்ள வளைவு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வளைவுதான் பூட்டு. கிருமியின் இன்ட்டிமின் அதைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் முனையில் 474ஆம் இடத்து டைரோசின்மேல் நம் நொதியே பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதைக் கண்டு நம் உயிரணுவின் சொந்தப் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே கூடுகின்றன. ஆக்டின் என்னும் கட்டுமானப் புரதத்தை இழை இழையாகக் கோத்து மேடையை எழுப்புகின்றன. கட்டும் ஆட்களும் நம்மவர். கட்டுமானப் பொருளும் நம்முடையது. கட்டளை மட்டுமே அயலாருடையது.

இதே கிருமியின் உறவினம் ஒன்று, மாசுற்ற இறைச்சியின் வழியாகப் பரவுவது, அந்தப் பாஸ்பேட் முத்திரையையும் எதிர்பார்ப்பதில்லை. அது டிர்ரோடு இரண்டாவது புரதம் ஒன்றையும் செலுத்தி, மேடை கட்டும் கட்டளையை அதன்வழியே பிறப்பிக்கிறது. 2004ஆம் ஆண்டில் இது வெளிப்பட்டது.

புரதம் உண்மையில் உள்ளே சென்றதா, வெளியே ஒட்டிக்கொண்டதா என்பதை எப்படி அறிவது? நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். இதற்கு ஓர் அழகிய வழி உண்டு. உயிரணுக்களில் பச்சையாக ஒளிரும் ஒரு சாயத்தை ஏற்றிவைப்பார்கள். பெனிசிலினை வெட்டும் நொதி ஒன்று அச்சாயத்தை வெட்டினால் ஒளி நீலமாகும். அந்த நொதியைக் கிருமியின் புரதத்தோடு இணைத்துவிட்டால், புரதம் உள்ளே சென்ற உயிரணு மட்டும் நீலமாக மாறும். ஆனால் உயிரணு உடைந்து நொதி தானாகக் கசிந்திருந்தால் நாம் ஏமாறுவோம். ஆகவே வாயில் நொதியை இழந்த கிருமியையும் பக்கத்தில் வைத்துச் சோதிப்பார்கள். அங்கே எல்லாம் பச்சையாகவே இருந்தால்தான் நீலத்தை நம்பலாம்.

இவ்வளவும் படித்தபின், பற்றுதலே நோய் என்று எழுதிவிடத் தோன்றும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மனமுவந்து முன்வந்த பெரியவர்களுக்கு இக்கிருமி கொடுக்கப்பட்டது. இயல்பான கிருமியை உண்ட 11 பேருக்கும் வயிற்றுப்போக்கு கண்டது. இன்ட்டிமின் மரபணு நீக்கப்பட்ட கிருமியை உண்ட 11 பேரில் 4 பேருக்கும் கண்டது. சாவி இன்றியும் ஓரளவு தீங்கு நேர்கிறது என்பது இதன் பொருள். இக்கிருமி அக்குழாய் வழியே செலுத்துவது டிர் ஒன்றை மட்டுமன்று. இருபதுக்கும் மேற்பட்ட புரதங்களைச் செலுத்துகிறது. அவற்றுள் சில, உயிரணுக்களுக்கு இடையே உள்ள இணைப்பைத் தளர்த்துகின்றன. சில, உடம்பின் எச்சரிக்கைக் குரலை அடக்குகின்றன. டிர் அவற்றுள் முதலில் செல்வது என்பதே அதற்குரிய சிறப்பு.

இன்று அந்தப் பாடம் வரும்போது நான் கரும்பலகையில் இரண்டு படங்கள் வரைகிறேன். முதலாவது பழைய பூட்டும் கள்ளச்சாவியும். இரண்டாவதில், வாசலுக்கு வெளியே நிற்கும் கள்வன் நீண்ட குழலைச் சாளரத்தில் நுழைத்து, அதன்வழியே ஒரு பூட்டை உள்ளே தள்ளுகிறான். அப்படத்தைக் கண்டதும் மாணவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: "பூட்டு பொருந்தியதும் கள்வன் உள்ளே வருவானா, ஐயா?" வரமாட்டான். கடைசிவரை வெளியிலேயே நின்று, வீட்டுக்காரர் கட்டிய மேடைமேல் அமர்ந்திருப்பான். அன்று அந்த மாணவனுக்கு நான் பாதி விடைதான் சொன்னேன். மீதியை இப்போது அவனுக்குப் பின்வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.