வளையும் கோடும் ஐதாக்கலும்

நிறமானி தன் எல்லையைக் கடந்த பின்னரும் ஓர் எண்ணைத் தந்துகொண்டே இருக்கும். அதனாலேயே கடும் நிறமுள்ள கரைசலின் வாசிப்பை நான் எளிதில் நம்புவதில்லை. கிணற்றுநீரின் இரும்பைப் பீனாந்திரோலினால் அளக்கும் செய்முறையைக் கொண்டு இதனை விளக்கலாம்.

இச்செம்மஞ்சள் நிறக்கரைசல் இலீற்றருக்கு 1 மில்லிகிராம் இரும்பைக் கொண்டிருப்பின், 1 சென்ரிமீற்றர் கலத்தில், 510 நனோமீற்றர் அலைநீளத்தில், வாசிப்பு ஏறத்தாழ 0.20 ஆகும். செறிவு பெருக, வாசிப்பும் அதே விகிதத்திற் பெருகவேண்டும் என்பது பியர்–லம்பேட் விதி. 10 மில்லிகிராமுக்கு அது 2.0, அதாவது, புகும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கே வெளிவரும். ஆனால் கருவியினுள், நிறத்தால் உறிஞ்சப்படாத வழிதவறிய ஒளியும் நூற்றில் ஒரு பங்கு உண்டெனக் கொள்வோம். உணரியை அடைவது இரட்டிப்பாகி, வாசிப்பு 1.70 ஆகக் குறைகிறது. எவ்வளவு இரும்பைச் சேர்த்தாலும் வாசிப்பு 2.0ஐத் தாண்டாது. நேர்கோடு வளைவது இதனாலேயே.

இலீற்றருக்கு 20 மில்லிகிராம் இரும்புள்ள நீர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 25 மில்லிலீற்றரை 50 மில்லிலீற்றர் குடுவையில் இட்டு நிறமூட்டினால், வாசிப்பு 1.70, கணிப்பு 17. 10 மில்லிலீற்றர் எடுத்தால் வாசிப்பு 0.78, 5 மில்லிலீற்றர் எடுத்தால் 0.39. இவ்விரண்டும் 19.5 என்றே விடை தருகின்றன. இரு ஐதாக்கல்கள் ஒரே விடையைத் தருமாயின் நாம் நேர்கோட்டுப் பகுதியில் நிற்கிறோம். கூடுதலாக ஐதாக்கியது தெளிவாகப் பெரிய விடையைத் தருமாயின், முந்தியது வளைவில் இருந்தது. எனது சோதனை இதுவே.

அளவுமீறி ஐதாக்குவதும் தகாது. 0.5 மில்லிலீற்றர் எடுத்தால் வாசிப்பு 0.04 மட்டுமே, அதில் 0.005 பிசகினும் விடையில் 2.5 மில்லிகிராம் பிசகும். ஆகவே வாசிப்பு 0.2இற்கும் 0.8இற்கும் இடையில் விழுமாறு ஐதாக்கலைத் தெரிவு செய்கிறேன்.

எதனை ஐதாக்குவது என்பதே மாணவர் பெரும்பாலும் கேட்க மறக்கும் வினா. நிறமேறிய கரைசலைத் தூய நீரால் ஐதாக்குதல் வழிதவறிய ஒளியின் பிழையை நீக்கும். ஆயின் ஓர் இரும்பு அயனுக்கு மூன்று பீனாந்திரோலின் மூலக்கூறுகள் வேண்டும். சேர்த்த பொருள் போதாதிருந்தால், எஞ்சிய இரும்பு முழு நிறத்தைப் பெறாது. பின்னர் எவ்வளவு ஐதாக்கினும் அது தன்னை வெளிக்காட்டாது. மூல நீரையே ஐதாக்கி, புதிதாக நிறமூட்டினால் இரு பிழைகளும் நீங்கும். இவ்விரு வழிகளின் விடைகளும் வேறுபட்டால், குறை கருவியில் அன்று, குடுவையில் இருந்தது என அறியலாம்.