ஒரு எழுத்தை மிச்சம் பிடித்தால்...

தந்தி அடித்தவர்களுக்குத் தெரியும், வார்த்தைக்குக் காசு. 'புறப்பட்டு வா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத மனசு வராது. கல்யாண வாழ்த்துக்கென்று தந்தி இலாகா ஒரு நம்பரே வைத்திருந்தது. நாம் நம்பரைச் சொன்னால் போதும். மணமக்கள் கைக்கு முழு வாழ்த்தும் போய்ச் சேரும். காரணம், அந்தப் பட்டியல் அனுப்புகிற ஆபீஸிலும் இருந்தது, வாங்குகிற ஆபீஸிலும் இருந்தது. அப்புறம் டெலெக்ஸ் வந்தது. அதில் நிமிஷத்துக்குக் காசு. 'ப்ளீஸ்' மெலிந்து pls ஆயிற்று. 'ரிகார்ட்ஸ்' rgds ஆயிற்று.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்தியே நின்று போய்விட்டது. ஈமெயிலில் எழுத்துக்குக் காசும் கிடையாது. ஆனால் சிக்கனம் மட்டும் போகவில்லை. இரண்டு பக்கமும் இருந்த பட்டியல்தான் காணாமல் போய்விட்டது!

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்தே என் தலை நரைத்தது. அனுப்புகிறவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, படிக்கிற எங்களுக்கும் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மெயிலில் இருந்த மூன்றே வரியைச் சொல்கிறேன்:

```
Tops w/ hanger loops, w/o hangers.
Price TBC.
PPS by EOD Thu.
```

அனுப்பியவருக்கு இதை அடிக்க அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. எங்களுக்கு ஒரு ராத்திரி ஆயிற்று.

முதல் வரியைப் பாருங்கள். w/ என்றால் 'வித்', அதாவது 'உடன்'. w/o என்றால் 'வித்அவுட்', 'இல்லாமல்'. பெண்கள் சட்டையின் தோள்பட்டைக்குள் மெல்லிய ரிப்பன் வளையம் வைத்துத் தைக்க வேண்டும். ஆனால் ஹேங்கர் மாட்டக் கூடாது என்பது விஷயம். மெயிலைப் பிரிண்ட் எடுத்து அப்படியே பேக்கிங் ஹாலுக்கு அனுப்பி விட்டார்கள். அங்கே 2,400 சட்டைக்கும் அழகாக ஹேங்கர் மாட்டிவிட்டார்கள். பெட்டிக்கு 40 போக வேண்டிய இடத்தில் 30தான் போயிற்று. 60 பெட்டியில் முடிய வேண்டிய சரக்கு 80 பெட்டியாக நின்றது.

சூப்பர்வைசர் பாவம், நேர்மையாகத்தான் பதில் சொன்னார். "பேங்க் பாஸ்புக்குல எங்க வீட்டுல பேருக்குப் பின்னாடி W/oன்னு போட்டு என் பேர் இருக்குதுங்க சார். ஹேங்கருக்கு ஏதுங்க புருஷன்? அதனால ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேனுங்க."

சிரித்துக்கொண்டே ராத்திரி முழுக்க ஹேங்கரைக் கழற்றினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு 'வித்அவுட்' என்ற வார்த்தை நன்றாகவே தெரியும். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போகிறவனை நாம் என்னவென்று சொல்கிறோம்? 'வித்அவுட்' என்றுதானே! முழுதாக எழுதியிருந்தால் ஒரு விநாடியில் புரிந்திருக்கும். அவருடைய ஆங்கிலம் குறை இல்லை, சுருக்கினதுதான் குறை. 'உடன்' என்பதற்கும் 'இல்லாமல்' என்பதற்கும் நடுவே ஒரே ஒரு சின்ன o தான் காவல் நிற்கிறது. அதை நம்பி 2,400 சட்டையை விடலாமா?

இரண்டாவது வரி, TBC. 'உறுதி செய்யப்பட வேண்டியது' என்று அர்த்தம். சரி, யார் உறுதி செய்வது? நாங்கள் அவர் சொல்லட்டும் என்றிருந்தோம். அவர் நாங்கள் சொல்வோம் என்றிருந்தார். மூன்று நாள் இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தோம். சுருக்கெழுத்து வார்த்தையை மட்டும் விழுங்குவதில்லை, ஆளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. 'விலையை நாங்கள் வெள்ளிக்கிழமை சொல்கிறோம்' என்று எழுதினால் 'நாங்கள்' என்று ஒரு ஆள் வந்துதான் ஆக வேண்டும். அங்கே குழப்பம் முடிந்தது.

மூன்றாவது, EOD. 'அன்றைய நாள் முடிவுக்குள்'. யாருடைய நாள்? கோடைக்காலத்தில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். அவர் சாயங்காலம் 6 மணிக்குக் கடையைக் கட்டினால், கோடையில் நமக்கு இரவு 9.30. நியூயார்க் ஆசாமி கோடையில் 5 மணிக்குக் கிளம்பினால் நமக்கு விடிகாலை 2.30, கிழமையே மாறிப் போயிருக்கும்! போதாததற்கு, சிலர் அதை நள்ளிரவு 12 என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். 'வியாழக்கிழமை மாலை 6 மணி, ஜெர்மன் நேரம்' என்று எழுதிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் படிக்கிறவர் நிம்மதியாகப் போட்டுக்கொள்வார்.

அதே வரியில் PPS என்று இருந்ததே, அதற்கு யாராவது திண்டாடினார்களா? இல்லை. மொத்தத் தையலை ஆரம்பிக்கும் முன் ஒப்புதலுக்கு அனுப்புகிற மாதிரித் துணி அது. எங்கள் தொழிலில் கட்டிங் மேஜையில் நிற்கிற பையனுக்குக்கூடத் தெரியும். விலை பேசும்போது வருகிற FOB-யும் அப்படித்தான். சரக்கைக் கப்பலில் ஏற்றுகிற வரைக்கும் விற்பவர் பொறுப்பு. இதைப் போன்ற வியாபாரச் சொற்களுக்குச் சர்வதேச வர்த்தகச் சபை 1936-லேயே விளக்கம் அச்சடித்து வெளியிட்டது. தந்தி இலாகாவின் வாழ்த்துப் பட்டியல் மாதிரிதான். இரண்டு பேர் கையிலும் இருக்கிறது. அந்த மாதிரிச் சுருக்கத்தை விரித்து எழுதினால்தான் 'இந்த ஆளுக்குத் தொழில் தெரியாதோ' என்று சந்தேகம் வரும்.

நாம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. இந்திய ஆபீஸ்களில் எதை இணைத்தாலும் PFA என்று ஒரு சீல் குத்திவிடுவோம். 'இணைப்பைப் பார்க்கவும்' என்று அர்த்தம். ஜப்பானிலிருந்து ஒருவர் மிகுந்த பணிவுடன் பதில் எழுதியிருந்தார்: "விலைப் பட்டியல் கிடைத்தது, நன்றி. பிஎஃப்ஏ என்ற டாக்குமெண்ட் மட்டும் வந்து சேரவில்லை. தயவுசெய்து மறுபடி அனுப்பவும்."

நான் பழக்கத்தில் வைத்திருக்கிற வழி இதுதான். நேரம், தேதி, யார் செய்வது, வேண்டுமா வேண்டாமா... இந்த நாலும் சுருக்கத்துக்கு அப்பாற்பட்டவை. இதில் எது தப்பினாலும் பணம் போகும். முழு வார்த்தையில்தான் எழுதுவேன். தொழில் சொல் என்றால் சுருக்கலாம். ஆனால் படிக்கிறவர் அதே தொழிலா என்று பார்த்துக்கொள்வேன். கணக்குப் பிள்ளைக்கோ லாரி ஆபீஸுக்கோ அதே மெயில் போகும் என்றால் முதல் தடவை விரித்து எழுதிப் பக்கத்திலேயே சுருக்கத்தையும் போட்டுவிடுவேன். pls, rgds இரண்டும் யாரையும் கெடுப்பதில்லை. ஆனாலும் 'ப்ளீஸ்' என்று கெஞ்சும்போதாவது மூன்று எழுத்து செலவழித்தால் என்ன?

சரி, புரியாத சுருக்கம் நமக்கு வந்துவிட்டால்? 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்கவே வேண்டாம். நாம் புரிந்துகொண்டதை முழு வாக்கியமாக்கித் திருப்பி அனுப்பினால் போதும். 'ஹேங்கர் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறோம். மாதிரித் துணி வியாழக்கிழமை உங்கள் நேரம் மாலை 6 மணிக்குள் உங்கள் கையில் இருக்கும். விலையை நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறோம்.' தப்பாக இருந்தால் அவரே பதறிக்கொண்டு திருத்துவார். சரியாக இருந்தால் ஒரே எழுத்தில் பதில் வரும்:

K.

அதை மட்டும் நான் ஆட்சேபிப்பதில்லை.