வக்கீலுக்கு வந்த ஒரு விண்ணப்பக் கடிதம்



உங்கள் இல்லத்தில் சட்டம் பயிலும் மகனோ மகளோ இருப்பின், கோடை விடுமுறை நெருங்குகையில் ஒரு வழக்கறிஞருக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை ஏற்படும். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்களும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் பயிற்சி பெற்றாக வேண்டும். ‘இன்டர்ன்ஷிப்’ என மாணவர்கள் கூறுவது இதனையே. ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் கூடாது. படிப்புக் காலத்தில் ஒரு முறையேனும் நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞரிடம் இருந்தாக வேண்டும்.

ஆரணியில் வழக்குகள் நடத்திவரும் எனக்கு இத்தகைய கடிதங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. பெரும்பாலானவற்றில் என்னைப் பற்றிய புகழுரை ஒரு பத்தி இருக்கும். பெற்ற பரிசுகளின் பட்டியல் ஒரு பத்தி இருக்கும். ‘எப்பணியாயினும் செய்யச் சித்தமாயுள்ளேன்’ என்று முடியும். எந்தத் தேதியில் வருவார், எதைக் கற்க விரும்புகிறார் என்பது மட்டும் இராது. அண்மையில் வந்த ஒரு கடிதம் வேறு வகையைச் சார்ந்தது. எழுதிய மாணவியின் ஒப்புதலோடு, அவர் பெயரையும் பிறரை அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கி இங்கே தருகிறேன்.

“மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. என் ஊர் ஆரணி. வரும் மே 4 முதல் 30 வரை, ஞாயிறு நீங்கலாக, தங்கள் அலுவலகத்தில் பயிற்சி பெற அனுமதி வேண்டுகிறேன்.

மே மாதத்தில் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு விடுமுறை என்பதை அறிவேன். ஆகவே, நடுவர் நீதிமன்றத்தில் காசோலை வழக்கு ஒன்றின் விசாரணையைக் கவனித்துக் குறிப்பேட்டில் எழுத விரும்புகிறேன். மற்ற நேரங்களில், ஜூன் மாதத்தில் தாங்கள் தாக்கல் செய்யவுள்ள வழக்குகளின் ஆவணங்களைத் தேதி வரிசைப்படி பட்டியலிட்டுத் தருவேன்.

என் தந்தை பட்டு ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறார். நூலின் எடை, சரிகை, நெசவுக் கூலி, முன்பணம் ஆகியவை பேரேட்டில் பதியப்படும் முறையை அவரிடம் கற்றிருக்கிறேன். அக்கடை சம்பந்தப்பட்ட வழக்கு தங்களிடம் இருப்பின், அந்தக் கட்டினை நான் காணாதபடி வைக்குமாறு வேண்டுகிறேன். கடையின் பெயரை நேரில் கூறுவேன். தங்கள் அலுவலகத்தில் கேட்பதை வீட்டிலும் சொல்லமாட்டேன்.

நான் வழக்கறிஞர் அல்லள் என்பதை உணர்ந்திருக்கிறேன். கட்சிக்காரர் எவருக்கும் ஆலோசனை கூறமாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள”

கடிதம் இவ்வளவே. இதைப் படித்ததும் குமாஸ்தாவை அழைத்து, வரச் சொல்லுமாறு கூறினேன். காரணங்களை விளக்குகிறேன்.

முதலாவது, அவர் நீதிமன்றத்தின் நாட்காட்டியை அறிந்திருந்தார். தமிழ்நாட்டில் மே மாதம் முழுவதும் உரிமையியல் நீதிமன்றங்கள் மூடியிருக்கும். இதை அறியாத மாணவர், சொத்து வழக்குகளைக் காண விரும்புவதாக எழுதி, வந்த பின் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். நடுவர் நீதிமன்றமோ கோடையிலும் நடைபெறும். பட்டு வணிகம் நடக்கும் நம்மூரில், நூலைக் கடனாகப் பெற்றவர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், அந்த வழக்கு அங்கேதான் வரும்.

அவ்வழக்கில் நாள் கணக்கே உயிர். காசோலை திரும்பிய செய்தி மார்ச் 3ஆம் தேதி கிடைத்ததென வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 2க்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்பினர் அதனை ஏப்ரல் 10இல் பெற்றால், பணம் செலுத்த அவருக்கு 15 நாட்கள் உண்டு. அது ஏப்ரல் 25இல் முடிகிறது. அதன் பின் ஒரு மாதத்துக்குள், மே 26க்குள், நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும். தவறினால், தாமதத்துக்குத் தக்க காரணத்தை நீதிமன்றம் ஏற்குமாறு மெய்ப்பிக்க வேண்டிவரும். ‘தேதி வரிசைப்படி பட்டியலிடுவேன்’ என்று அம்மாணவி எழுதியதன் பயன் இதுவே.

அவர் வந்த பின் நிகழ்ந்த ஒன்றையும் கூறுகிறேன். எங்கள் கட்சிக்காரர் நூல் வணிகர். தமக்கு வரவேண்டிய பாக்கிக்காக நெசவாளர் ஒருவர் காசோலை கொடுத்தார் என்பது அவருடைய வழக்கு. நூல் வாங்கத் தொடங்கிய காலத்திலேயே, தொகை எழுதாமல் பாதுகாப்புக்காகக் கொடுத்த காசோலை அது என்றார் நெசவாளர். மாணவி எங்கள் கட்சிக்காரரின் பேரேட்டைப் புரட்டினார். வழக்குக் காசோலைக்கு முந்தைய எண்ணும் பிந்தைய எண்ணும் கொண்ட காசோலைகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதே கடையில் வரவு வைக்கப்பட்டிருந்தன. நடுவிலுள்ள தாள் மட்டும் இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது எப்படி? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடிய கேள்வி அது. மாணவி அதனை மறைக்காமல் என்னிடம் காட்டினார். நான் கட்சிக்காரரை அழைத்துப் பேசினேன். உண்மைப் பாக்கி எவ்வளவோ அதனை மட்டும் பெற்றுக்கொண்டு வழக்கைச் சமரசமாக முடிக்க இசைந்தார். காசோலை வழக்குகளைச் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. ஆரணி போன்ற ஊரில் கடைக்காரர், கணக்கர், நெசவாளர் யாவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மாணவி நேரில் சொன்ன கடையின் பெயரைக் கேட்டதும் நான் திகைத்தேன். கூலி பாக்கிக்காக அதே கடையின் மீது வழக்குத் தொடுக்க ஒருவர் என்னிடம் ஆவணங்களை ஒப்படைத்திருந்தார். அந்தக் கட்டினை என் அறையின் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் சொல்லாதிருந்தால், தன் தந்தையின் கையெழுத்திலுள்ள கணக்கு நகலையே அவர் பட்டியலிட நேர்ந்திருக்கும். செய்தி வெளிப்பட்டிருந்தால் என் கட்சிக்காரர் பாதிக்கப்பட்டிருப்பார். வெளிப்படாவிடினும், தந்தை மீது அவருடைய முதலாளிக்கு ஐயம் பிறந்திருக்கும்.

கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் கூறியதை வெளியிடலாகாது என்பதை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவு கூறுகிறது. வழக்கறிஞரின் குமாஸ்தாக்களையும் ஊழியர்களையும் அது கட்டுப்படுத்துகிறது. மாணவர் என்ற சொல் அதில் இல்லை. எனவே, மாணவர் தாமாக எழுதித் தரும் உறுதிமொழிக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது, தம் எல்லையை அவர் அறிந்திருந்தார். வழக்கறிஞராகப் பதிவு பெறாதவர் நீதிமன்றத்தில் தொழில் புரிவது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி தண்டனைக்குரியது. வரவேற்பறையில் காத்திருக்கும் கட்சிக்காரர், ‘அம்மா, என் வழக்கு ஜெயிக்குமா?’ என்று கேட்பார். ‘வக்கீல் ஐயாவிடம் கேளுங்கள்’ என்பதே மாணவரின் ஒரே விடை.

பெற்றோராகிய உங்களிடம் ஒன்று கூறி முடிக்கிறேன். பயிற்சி முடித்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், ‘இன்று யார் வழக்கு? எதிராளி யார்?’ என்று ஆவலுடன் கேட்காதீர்கள். பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம் அப்பிள்ளையிடம் இருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அது போதும்.