ஐயாயிரம் ஓம் எங்கே?

செய்முறைத் தேர்வில் தேர்வாளர், பழைய வால்வு வானொலியின் வெளியீட்டு மின்மாற்றியொன்றை என்னிடம் நீட்டினார். முதன்மைச் சுருளை ஓம் மீட்டரால் அளந்தேன், 300 ஓம்.

"வால்வுக்கு 5000 ஓம் வேண்டுமே தம்பி, அது எங்கே?" என்றார். விழித்தேன். மூன்று மதிப்பெண்கள் போயின.

விடை, துணைச் சுருளில் மாட்டியிருந்த 8 ஓம் ஒலிபெருக்கியில் இருந்தது. சுற்றுகளின் விகிதம் 25:1. ஆகவே முதன்மையில் மின்னழுத்தம் 25 மடங்கு. மின்னோட்டமோ 25-இல் ஒரு பங்கு. ஒன்றை மற்றதால் வகுத்தால் 625 மடங்கு. எட்டு ஓம் அங்கே 5000 ஓமாகத் தெரிகிறது. நான் பிடித்த ஓம் மீட்டரோ நேர்மின்னோட்டத்தில் இயங்குவது. அது கண்டது செம்புக் கம்பியின் தடையை மட்டுமே!

இக்கணக்கு இலட்சிய மின்மாற்றிக்கு உரியது. ஒரு சுருளின் காந்தப்பாயம் முழுவதும் மற்றதன் வழியே செல்ல வேண்டும். செல்லாவிட்டால்?

மனம் ஆறாமல், தேர்வு முடிந்தபின் ஆய்வகத்தில் இரும்பு உள்ளகம் இல்லாத இரு சுருள்களை அருகருகே வைத்தேன். ஒவ்வொன்றும் 10 மில்லி ஹென்றி. தொடராக இணைத்தபோது 26. ஒன்றின் முனைகளை மாற்றிய பின் 14. வேறுபாட்டில் நான்கில் ஒரு பங்கான 3 மில்லி ஹென்றியே பரிமாற்று மின்தூண்டல் எண். அதை 10-ஆல் வகுக்க, பிணைப்புக் குணகம் 0.3.

பிறகு இணைப்பைப் பிரித்து, துணைச் சுருளின் முனைகளைக் குறுக்கே இணைத்தேன். பிணைப்பு முழுமையாயிருந்தால் முதன்மையின் 10 ஏறக்குறைய சுழியாகியிருக்கும். குணகத்தின் வர்க்கமான 0.09 பங்குதான் குறைந்தது, 9.1 மில்லி ஹென்றி நின்றது. அடுத்த சுருளில் நடந்தது முதன்மைக்குச் சரியாகக் கேட்கவேயில்லை.