எவ்வளவு வாங்கணும் சரி, எப்போ வாங்கணும்?

ஆபரேஷன்ஸ் எலெக்டிவ் எடுத்த எல்லோருக்கும் இஓகியூ பிடிக்கும். ஒரே ஒரு ரூட், மூணு நம்பர், பத்து மார்க். பி.காம் படிக்கிற உங்க ஃப்ரெண்டுக்கும் காஸ்ட் அக்கவுண்டிங்ல இதே கணக்குதான். ஆனா பக்கத்துலயே இருக்கிற ரீஆர்டர் லெவலை ரெண்டு மார்க் கேள்வின்னு நினைச்சு நாம தாண்டிப் போயிடுறோம். கம்பெனியில தலைகீழ். இஓகியூல கொஞ்சம் தப்பு வந்தா யாருக்கும் தெரியாது. ரீஆர்டர் லெவல்ல தப்பு வந்தா அன்னிக்கே லைன் நிக்கும். ஏன்னு ஒரு உதாரணத்தோட சொல்றேன்.

போன செமஸ்டர் லீவுல கோயம்புத்தூர்ல ஒரு சின்ன பம்ப் யூனிட்ல இன்பிளான்ட் ட்ரெய்னிங் போயிருந்தேன். மோனோபிளாக் பம்ப் அசெம்பிள் பண்றாங்க. ஒரு பம்புக்கு ரெண்டு பேரிங். ஒரு நாளைக்கு சராசரியா 12 பம்ப், அதாவது 24 பேரிங். வருஷத்துக்கு 300 வேலை நாள்னு வெச்சா 7,200 பேரிங். கணக்கு சுலபமா வரணும்னு மத்த நம்பர்களை முழுசாக்கியிருக்கேன். ஒவ்வொரு தடவை ஆர்டர் போடவும், வண்டி வாடகை, இறக்குற கூலி, செக் பண்ற நேரம் எல்லாம் சேர்த்து 500 ரூபாய். ஒரு பேரிங்கை ஒரு வருஷம் ஸ்டோர்ல வெச்சிருக்க, முடங்கிக் கிடக்கிற பணத்துக்கான வட்டியோட சேர்த்து 20 ரூபாய்.

```
EOQ = sqrt(2*D*S/H) = sqrt(2*7200*500/20) = 600
```

600 வாங்கினா வருஷத்துக்கு 12 ஆர்டர். ஆர்டர் செலவு 6,000. சராசரி இருப்பு 300, அதை வெச்சிருக்கிற செலவும் 6,000. மொத்தம் 12,000 ரூபாய். ரெண்டு செலவும் சமமா வர்ற இடம்தான் இஓகியூ.

இப்போ வேணும்னே தப்பா வாங்கிப் பாருங்க. 600க்கு பதிலா 800 வாங்கினா, 9 ஆர்டருக்கு 4,500, இருப்புக்கு 8,000. மொத்தம் 12,500. 450 வாங்கினாலும் அதே 12,500தான் வருது. 200 பேரிங் அதிகமா வாங்கியும் வருஷத்துக்கு 500 ரூபாய்தான் கூடுது. நேரா டபுளா, 1,200 வாங்கினாலே 15,000தான், அதாவது 25 சதவீதம் கூட. செலவு வளைவோட அடிப்பகுதி கிண்ணம் மாதிரி இல்ல, தாம்பாளத் தட்டு மாதிரி தட்டையா இருக்கு. அதனால சப்ளையர் பெட்டி கணக்குல தர்றார்னா, தயங்காம அந்த ரவுண்ட் நம்பருக்குப் போயிடலாம். 500 ரூபாய், 20 ரூபாய்ங்கிறதே தோராயம்தான். அந்தத் தோராயத்தையும் இந்தத் தட்டு தாங்கிக்கும்.

1913ல ஃபோர்டு ஹாரிஸ் இந்த ஃபார்முலாவை வெளியிட்டார். அதுல ரெண்டே செலவுதான் இருக்கு: ஆர்டர் பண்ற செலவு, வெச்சிருக்கிற செலவு. சரக்கு தீர்ந்துபோனா என்ன செலவுங்கிறது அதுல இல்ல. தினமும் ஒரே அளவு ஓடும், சரக்கு சொன்ன நாள்ல வரும்னு அது எடுத்துக்குது. ஸ்டோர்ஸ் பாத்துக்கிற அண்ணாகிட்ட நான் 600ன்னு கணக்குப் போட்டுக் காட்டினப்போ, அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அதெல்லாம் சரிங்க தம்பி, வண்டி வரலீன்னா?"

அந்தக் கேள்விக்கு பதில்தான் ரீஆர்டர் லெவல்.

ஆர்டர் போட்டா பேரிங் வர சராசரியா 6 நாள். 6 நாளுக்கு 24 வீதம் 144. இருப்பு 144ஐத் தொட்டதும் ஆர்டர் போட்டா, கடைசி பேரிங் தீர்ற அன்னிக்கு புது பெட்டி வந்துடும். பேப்பர்ல அழகு. ஆனா சராசரின்னா, ஏறக்குறைய பாதித் தடவை அதைவிட அதிகமாத்தான் தேவைப்படும். வருஷத்துக்கு 12 ஆர்டர்னா, சுமார் 6 தடவை லைன் நிக்கும்.

லைன் நின்னா யாருக்கு நஷ்டம்? அங்க அசெம்பிளில இருந்த அக்காக்களுக்கு பீஸ் ரேட் கூலி. பேரிங் இல்லாத நாள்ல மதியம் வரைக்கும் உட்கார்ந்துட்டு வீட்டுக்குப் போனாங்க. அன்னிக்குக் கூலி கிடையாது. கம்பெனி கணக்குல அது செலவாகவே பதிவாகாது. அதனால 144லயே நிக்கிறது லாபம் மாதிரி தெரியுது.

அதுக்குத்தான் 144க்கு மேல ஒரு சேஃப்டி ஸ்டாக் வேணும். எவ்வளவு? ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி ஒண்ணுல இருந்து ரெண்டு விஷயத்தை எடுக்கணும். தினசரி ஓட்டம் எவ்வளவு ஏறி இறங்குது, சப்ளையர் எடுத்துக்கிற நாள் எவ்வளவு ஏறி இறங்குது. ஓட்டத்தோட ஸ்டாண்டர்டு டீவியேஷன் 5 பேரிங், நாளோடது 2 நாள்னு வெச்சுக்குவோம்.

```
sqrt(6*5^2 + 24^2*2^2) = sqrt(150 + 2304) = 49.5
1.65 * 49.5 = 82
ROL = 144 + 82 = 226
```

1.65ங்கிறது 95 சதவீதத்துக்கான நம்பர். இதைக் கவனமா புரிஞ்சுக்கோங்க. நூறு நாள்ல 95 நாள் சரக்கு இருக்கும்னு அர்த்தம் இல்ல. நூறு ஆர்டர் சுற்றுல 95 சுற்று தீராம தாண்டும்னு அர்த்தம். வருஷத்துக்கு 12 சுற்றுன்னா, சுமார் 20 மாசத்துக்கு ஒரு தடவைதான் தீரும். 82 பேரிங்கை வருஷம் பூரா கூட வெச்சிருக்கிற செலவு 1,640 ரூபாய். வருஷத்துக்கு 6 தடவை நிக்கிற லைனுக்கு இதுதான் விலை.

ரூட்டுக்குள்ள இருக்கிற ரெண்டு நம்பரையும் இன்னொரு தடவை பாருங்க. ஓட்டத்தால வர்றது 150. சப்ளையரோட தாமதத்தால வர்றது 2,304. நாளைக்கு எத்தனை பம்ப் ஓடும்னு துல்லியமா கணிச்சு அந்த 150ஐ சைபர் ஆக்கினாலும், சேஃப்டி ஸ்டாக் 82ல இருந்து 79க்குத்தான் இறங்கும். ஆனா சப்ளையரோட ஏற்ற இறக்கத்தை 2 நாள்ல இருந்து 1 நாளாக்கினா, 45 போதும். ஃபோர்காஸ்ட் சாஃப்ட்வேர் வாங்குறதைவிட, வண்டி எந்தக் கிழமை வரும்னு சப்ளையர்கிட்ட உறுதி பண்ணிக்கிறதுல லாபம் அதிகம்.

காமர்ஸ் புத்தகத்துல இதுக்கு வேற வழி. அதிகபட்ச ஓட்டத்தை அதிகபட்ச நாளால பெருக்கணும். ஒரு நாளைக்கு 36, 10 நாள்னா 360. வேலை ரொம்ப அதிகமா இருக்கிற நாளும், வண்டி ரொம்ப லேட்டாகிற நாளும் ஒண்ணா வரும்னு அது பயப்படுது. அதனால 226ஐ விட 134 பேரிங் கூட கிடக்கும், அதுக்கு 2,680 ரூபாய். விலை குறைஞ்ச பொருளுக்கு இந்த வழி போதும். விலை அதிகமான வைண்டிங் கம்பிக்கு இப்படிச் செஞ்சா பணம் முடங்கும்.

இதையெல்லாம் தினமும் கணக்குப் போட வேண்டியதில்ல. ரெண்டு டப்பா போதும். பின் டப்பாவுல 226 பேரிங்கை எண்ணி வெச்சு மூடிடுங்க. மீதி முன் டப்பாவுல. முன்னாடி காலியானதும் ஆர்டர். சரக்கு வந்ததும் முதல்ல பின் டப்பாவை நிரப்பணும். கம்ப்யூட்டரே இல்லாம ரீஆர்டர் லெவல் கண்ணுக்குத் தெரியும்.

ப்ராஜெக்டுக்கு ஏதாவது கம்பெனிக்குப் போறீங்கன்னா, ஆர்டர் போட்ட தேதியும் சரக்கு வந்த தேதியும் இருக்கிற பழைய பில்களை முதல்ல கேளுங்க. 20 பில் கிடைச்சாலே அந்த 2 நாள் உண்மையா 2 நாளா, இல்ல 4 நாளான்னு தெரிஞ்சுடும். 4ன்னா சேஃப்டி ஸ்டாக் 82 இல்ல, சுமார் 160.