ஒரு பத்தியும் சில நடுகற்களும்

சென்ற மாதம் அக்காள் மகன் தருமபுரிக்கு வந்திருந்தான். கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறான். மாணவர் போட்டி ஒன்றுக்காக, இம்மாவட்டத்து நடுகற்களைக் காக்கும் மண்டபம் ஒன்றைக் கணினியில் வரைந்திருந்தான். அத்தோற்றப்படத்தை அவர்கள் துறையில் ரெண்டர் என்பார்கள். அந்திச் செவ்வானம், கண்ணாடிபோல் மெருகேற்றிய கருங்கல் தரை, அதன் நடுவே ஐந்து கற்கள்.

"இந்தப் படத்துக்குக் கீழே நூறு சொல்லில் ஒரு பத்தி வேண்டும் மாமா. சூழல், பொருள், மக்கள் என்ன உணர்வார்கள், மூன்றும் வரவேண்டும்" என்றான். அவன் எழுதியிருந்தது: 'காலமும் வெளியும் உரையாடும் மௌனக் களம்.' இதையே பேருந்து நிலையத்துக்கும் எழுதலாமே என்றேன். முகம் சுருங்கிவிட்டது. தமிழாசிரியர்களுக்கு இந்த வாய் கூடாதுதான்.

பிறகு மாயா லின்னைப் பற்றிச் சொன்னேன். 1981இல் வாஷிங்டன் நகரில் வியட்நாம் போர் வீரர் நினைவிடத்திற்கான போட்டிக்கு 1,421 வடிவங்கள் வந்தன. வென்றவர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவி. அவர் அனுப்பிய வண்ணச்சுண்ணச் சித்திரம் மிக எளியது. கூடவே ஒரு பக்க விளக்கவுரை. வடிவமைப்பைக் காட்டிலும் அவ்வுரையை எழுதவே அதிகக் காலம் பிடித்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அவ்வுரை தத்துவத்தில் தொடங்கவில்லை. பூங்காவில் நடந்துவரும் ஒருவர் முதலில் எதைக் காண்பார், நிலம் எப்படிச் சரியும், பெயர்கள் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று நடையோடு நடையாகச் செல்கிறது. அங்கே கல்லை மெருகேற்றியதற்கும் காரணம் உண்டு: பெயரைப் படிப்பவரின் முகம் அப்பெயரின்மேலேயே தெரியவேண்டும். அந்தக் கருங்கல் நமக்கு அண்டையிலுள்ள பெங்களூர்ப் பகுதியிலிருந்து போனது என்பதைக் கேட்டு மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்படியானால் என் தரையும் சரிதானே?"

மறுநாள் காலை அவனை அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் சென்றேன். நடுகல்லின் வட்டெழுத்துகள் தேய்ந்தவை. உச்சிவெயிலில் அவை கல்லோடு கல்லாகிவிடும். ஒளி பக்கவாட்டில் உரசிச் செல்லும்போதுதான் ஒவ்வொரு கீற்றும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். மெருகேற்றிய தரையோ கீழிருந்து ஒளியை எறிந்து அந்த நிழலை அழித்துவிடும். சித்திரை மாதத்தில் அதில் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது. போதாக்குறைக்கு, வானம் அந்தியாக இருந்த அவன் படத்தில் நிழல்கள் காலடியிலேயே கிடந்தன. நடுவர் இதைக் கண்டுவிட்டால் பத்தியில் எதை எழுதியும் பயனில்லை.

கற்களைத் தெற்கு நோக்கி நிறுத்திக் கிழக்கே சுவரைத் திறந்துவிட்டால், ஐப்பசி முதல் மாசி வரை காலைக் கதிர் எழுத்தை உரசும். ஆடி மாதத்தில் சூரியன் வடக்கே போய்விடும்; கல்முகம் நிழலில் ஆழும். அதையும் மறைக்காமல் எழுது என்றேன்.

பொருளின் கதையைத் தொல்காப்பியர் முன்பே சொல்லிவிட்டார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து: கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகள். எனவே கல் எங்கிருந்து வந்தது, யார் கொணர்ந்தார், எப்படி நின்றது என்று சொன்னாலே போதும்.

மக்கள் உணர்வு என்ற இடத்தில் அவன் 'ஆழ்ந்த அமைதி' என்று போட்டிருந்தான். இங்கே பல ஊர்களில் நடுகல் இன்றும் வேடியப்பன். எண்ணெய் வார்ப்பார்கள், பொங்கலிடுவார்கள், குழந்தைகள் ஓடும். ஆனால் எண்ணெயும் புகையும் படிந்தால் எழுத்து மூடிக்கொள்ளும். வழிபாட்டையும் விலக்கக்கூடாது, எழுத்தையும் இழக்கக்கூடாது. இதில்தான் வெகுநேரம் வாதாடினோம். விளக்குக்குத் தனியே ஒரு பலகைக்கல் இடுவது என்று அவனே முடிவு செய்தான்.

கடைசியில் நின்ற பத்தி இது:

'ஏரிக்கரையிலிருந்து வருபவர் முதலில் ஒரு தாழ்ந்த கூரையைக் காண்பார். குனிந்து நுழைந்தால் ஐந்து கற்கள் தெற்கு நோக்கி நிற்கும். குளிர்காலக் காலைகளில் கிழக்குத் திறப்பின் ஒளி எழுத்துகளை உரசி எழுப்பும். ஆடியில் அவை நிழலில் இருக்கும், அப்போது கைவிளக்கோடு படிக்கலாம். சுவர் அருகிலுள்ள குன்றின் கல். உளி கொத்திய தடம் அப்படியே விடப்படும். தரை மண். கற்களுக்கு முன்னே, கைக்கெட்டும் தொலைவில், எண்ணெய்க்கும் பொங்கலுக்கும் ஒரு பலகைக்கல். வேலி இல்லை.'

சரியாக ஐம்பது சொற்கள். மிச்சத்தை நிரப்பவேண்டாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அன்றிரவு முழுவதும் கருந்தரையை அழித்து மண்தரை வரைந்துகொண்டிருந்தான். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது படத்தில் ஒரு கிழவி, கையில் எண்ணெய்க் கிண்ணத்துடன் நின்றிருந்தாள்.